புதுப்பிப்பு: மாஸ்டர்ஸுக்கான சிவி தயார்

முன்பு கேட்டது: "வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமையே ஜெர்மனி மாஸ்டர்ஸுக்கும் அனுப்பலாமா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அங்கே படித்து முடித்த அக்கா சொன்னபடி படிப்பை மேலே ஏற்றி, வேலையைக் கீழே இறக்கிவிட்டேன். எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம் இரண்டையும் எடுத்தாச்சு.

அதிகம் மாறியது இறுதியாண்டு புராஜெக்ட்தான். ரெஸ்யூமில் "நீர் சுத்திகரிப்பு, மூவர் குழு" என்று ஒரே வரி. இப்போது நான்கு வரி: வடிகட்டும் சவ்வு ஏன் அடைத்துக்கொள்கிறது என்ற கேள்வி, எப்படிச் சோதித்தோம், அதில் என் பங்கு எது, என்ன தெரியவந்தது. அந்தப் படிப்புக்கு நான் தயாரா என்று சேர்க்கைக் குழு இதை வைத்துத்தான் பார்க்கும்.

அப்புறம் தேசிய சேவை. சிங்கப்பூரில் சொல்லாமலே புரியும். ஜெர்மனியில் பார்ப்பவர்களுக்கோ பாலிடெக்னிக்குக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 2 வருடம் காலியாகத் தெரியும். மாதம், வருடத்தோடு சேர்த்துவிட்டேன்.

"ஒரே பக்கம்தான்" என்று தம்பி ஒருவர் சொன்னது வேலைக்குச் சரி. இதற்கு இரண்டு பக்கம் போகலாம், துறையே வரம்பு வைத்திருந்தால் தவிர. பிஎச்டிக்கு விண்ணப்பித்த அண்ணன் தன் ஆய்வுக்கட்டுரைப் பட்டியலைக் காட்டினார். மாஸ்டர்ஸுக்கு அது பொதுவாகக் கட்டாயமில்லை. புகைப்படம் வைப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் இன்னும் ஆளுக்கொரு பேச்சு.