ரீல்ஸ் 300 வியூஸ்ல நின்னுடுது, ஃபாலோயருக்கே காட்ட மாட்டேங்குது. அவசரம், உதவி பண்ணுங்க

நூல்கண்டு_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி ஒரு வீடியோ 92,000 போச்சு. இப்ப எது போட்டாலும் 300 தாண்ட மாட்டேங்குது. அதைவிடக் கொடுமை, என்னை ஃபாலோ பண்ற எங்க அக்காவுக்கே வரல. என் பேஜுக்குள்ள போய்ப் பாத்தாலும் வீடியோவைக் காணோம்ங்கிறா. அக்கவுண்ட்டை முடக்கிட்டாங்களா? தீபாவளி ஆர்டர் எடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

பழைய_பாபு:
வாரம் ஒருதடவை இந்தக் கேள்வி வருது. எந்த ஆப், எத்தனை ஃபாலோயர், என்ன வீடியோ, எதுவுமே சொல்லாம "சீக்கிரம் சொல்லுங்க". நாங்க என்ன ஜோசியமா பாக்குறோம்?

கேமரா_கண்ணன்:
இது 300 வியூ ஜெயில் அக்கா. உள்ள மாட்டினா வெளிய வராது. அழிச்சுட்டு திரும்பப் போடுங்க. எனக்கு ஒண்ணு அப்படித்தான் 20,000 போச்சு. ஹேஷ்டேக்கும் நிறைய போடுங்க.

செக்கு_குமரன்:
எனக்கும் இதே பிரச்சனை. கடலெண்ணெய் ஆட்டுற வீடியோ, யூடியூப் ஷார்ட்ஸ்ல 11,000 போச்சு, ஒரு லிட்டர்கூட விக்கல.

ஈரோடு_எடிட்டர்:
செல்விக்கா, ஆப் எது? அந்த 92,000 எதைப் பத்தின வீடியோ? நின்னுபோன ஒண்ணோட இன்சைட்ஸ்ல நீளம், சராசரி எவ்வளவு நேரம் பாத்திருக்காங்க, எத்தனை பேர் அடுத்தவங்களுக்கு அனுப்பியிருக்காங்க, ஃபாலோயர் எத்தனை சதவீதம், இதெல்லாம் எழுதுங்க.

நூல்கண்டு_செல்வி:
இன்ஸ்டாகிராம்தான், வேற எது? ஃபாலோயர் 4,000 சொச்சம். பெரிசா போனது எங்க பூனை பட்டுத்துணி மேல படுத்துட்டு எந்திரிக்க மாட்டேன்னு அடம்பிடிச்சது. இப்ப போட்டது ப்ளவுஸ் கை சுருக்கம் விழாம வைக்கிறது. 41 செகண்ட், வியூஸ் 312, சராசரி 7 செகண்ட், லைக் 9, அனுப்பினது 1. ஃபாலோயர் 0%, மத்தவங்க 100%ன்னு இருக்கு. அதுதான் புரியல.

லதா_மதுரை:
பூனைக்காக வந்தவங்களுக்கு ப்ளவுஸ் கை எதுக்கு? அதான் ஒதுக்கிட்டாங்க.

ஈரோடு_எடிட்டர்:
லதாக்கா சொல்றது நல்ல ஊகம். ஆனா இங்க ஃபாலோயர் 0%. பூனைக் கூட்டம் பாத்துட்டு ஒதுக்கல, அவங்களுக்குக் காட்டவே இல்ல. பேஜ்லயும் காணோம்னா இது அனேகமா டிரையல் ரீல். 2024 டிசம்பர்ல வந்த வசதி. போடும்போது "Trial" ஆன்ல இருந்தா வீடியோ ஃபாலோ பண்ணாதவங்களுக்கு மட்டும் போகும், பேஜ்ல ஃபாலோயருக்குத் தெரியாது. யாராவது லிங்க் அனுப்பினா, இல்ல வீடியோவுல வர்ற பாட்டோட பக்கத்துக்குப் போனா கண்ணுல படலாம், அவ்வளவுதான். அக்கவுண்ட்டை நீங்களேதான் போஸ்ட் பண்றீங்களா?

நூல்கண்டு_செல்வி:
இல்லையே, அக்கா பையன் போடுவான். நான் வீடியோ மட்டும் அனுப்புவேன்.

பழைய_பாபு:
இதை முதல் வரியில சொல்லியிருந்தா பத்து பதில் மிச்சம்.

கேமரா_கண்ணன்:
பாத்தீங்களா! டிரையல்தான் ரீச்சைக் கொன்னது. நான் சொன்ன ஜெயில் இதுதான்.

ஈரோடு_எடிட்டர்:
ரெண்டும் ஒண்ணு இல்ல கண்ணன். அக்காவுக்குத் தெரியாததுக்கு டிரையல் காரணம். 312ல நின்னதுக்குக் காரணம் வேற.

டிரையல் இல்லாட்டியும் முதல்ல சின்னக் கூட்டத்துக்குத்தான் காட்டுவாங்க. 2024 ஏப்ரல்ல இன்ஸ்டாகிராமே இதைச் சொன்னாங்க: ரசிப்பாங்கன்னு தோணுற சின்னக் கூட்டத்துக்கு, ஃபாலோ பண்றாங்களா இல்லையான்னு பாக்காம காட்டுவோம், அங்க நல்லா போனது மட்டும் கொஞ்சம் பெரிய கூட்டத்துக்குப் போகும், அப்புறம் இன்னும் பெரிசுக்குன்னு. முன்னாடி பெரிய அக்கவுண்ட்டுக்கு அதோட ஃபாலோயர் கூட்டமே முதல் தள்ளு கொடுக்கும், சின்ன அக்கவுண்ட் தொடங்கின இடத்துலயே நிக்கும். அதைச் சரிபண்ணத்தான் இந்த மாற்றம். 300ன்னு ஒரு கோடு இருக்குன்னு அவங்க எங்கயும் சொன்னதில்ல. முதல் கூட்டத்துலயே வேகம் செத்துப்போனா எண்ணிக்கை அந்தப் பக்கத்துலதான் நிக்கும், பாக்குறவங்களுக்கு அது சுவர் மாதிரி தெரியுது.

முக்கியமா எதைப் பாக்குறாங்கன்னு 2025 ஜனவரியில இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி மூணு சொன்னார். எவ்வளவு நேரம் பாத்தாங்க, பாத்தவங்கள்ல எத்தனை பேர் லைக் போட்டாங்க, எத்தனை பேர் அனுப்பினாங்க. ஏற்கெனவே ஃபாலோ பண்றவங்ககிட்ட போக லைக்குக்கு எடை கூட, புது ஆள்கிட்ட போக அனுப்புறதுக்கு எடை கூட. பூனை வீடியோ ஏன் போச்சுன்னு இதுலயே தெரியும். "இங்க பாருடி"ன்னு தோழிக்கு அனுப்புற சரக்கு அது. கை வைக்கிற வீடியோவுல 41 செகண்டுக்கு 7 செகண்ட், அனுப்பினது ஒரே ஆள். முதல் ஏழு செகண்ட்ல என்ன இருக்கு?

நூல்கண்டு_செல்வி:
வணக்கம் சொல்லி, கடை பேரு சொல்லி, துணியைக் காட்டுறேன்.

லதா_மதுரை:
நானும் தைக்கிறவதான். சுருக்கம் விழுந்த கையை முதல்ல காட்டுங்க. "ஐயோ எனக்கும் இப்படித்தான் வருது"ன்னு நிப்பாங்க. வணக்கத்தைக் கேக்க யார் நிக்கிறா?

கேமரா_கண்ணன்:
அப்ப நான் அழிச்சுட்டுப் போட்டது எப்படி 20,000 போச்சு? ஒரே வீடியோ, ஒரே வெட்டு.

ஈரோடு_எடிட்டர்:
முதல் கூட்டம் சின்னது, அதான். 300 பேர்ல ஒருத்தர் அனுப்புறதும் நாலு பேர் அனுப்புறதும் பாதி அதிர்ஷ்டம். ரெண்டாந்தடவை வேற 300 பேர் கையில விழுந்திருக்கும். அதனால திரும்பப் போட்டா சில சமயம் போகும். நீங்க திரும்பப் போட்டும் போகாதது எத்தனைன்னு சொல்லலையே?

கேமரா_கண்ணன்:
அதெல்லாம் யார் எண்ணுறா. ஹேஷ்டேக் பத்தி ஒண்ணும் சொல்லல நீங்க.

பழைய_பாபு:
ஹேஷ்டேக் ரீச்சைக் கூட்டாதுன்னு மொசேரியே பலதடவை சொல்லியாச்சு. இன்னும் ஹேஷ்டேக்லயே நிக்கிறார் இவர்.

செக்கு_குமரன்:
என் 11,000 எப்படின்னு யாரும் சொல்லலையே. முதல் கூட்டத்தைத் தாண்டிருச்சுதானே?

பழைய_பாபு:
ஷார்ட்ஸ் கணக்கு வேற. 2025 மார்ச் 31லேருந்து வீடியோ ஓட ஆரம்பிச்சாலே ஒரு வியூ. ஒரு நொடியில தள்ளிவிட்டாலும் எண்ணிடும். அதை வெச்சு யாரும் எண்ணெய் வாங்கினாங்கன்னு நினைக்காதீங்க.

செக்கு_குமரன்:
அப்ப 11,000 பொய்யா? இன்ஸ்டாலயும் ஓடினாலே வியூதானே?

ஈரோடு_எடிட்டர்:
ஆமா, அங்கயும் திரும்ப ஓடினா திரும்ப எண்ணும். பொய் இல்ல குமரன் அண்ணே, ஓடினதைத்தான் அது எண்ணுது, நின்னு பாத்ததை இல்ல. ஷார்ட்ஸ் அனலிடிக்ஸ்ல எத்தனை சதவீதம் நின்னு பாத்தாங்க, எத்தனை பேர் தள்ளிவிட்டாங்கன்னு தனியா வரும், அதைப் பாருங்க. ஆனா இது செல்விக்கா இழை, நீங்க தனியா ஒண்ணு தொடங்குங்க.

செல்விக்கா, தம்பி மொபைல்ல அந்த ரீலைத் திறங்க. டிரையல்னா "Share to everyone" இருக்கும், அமுக்கினா ஃபாலோயருக்கும் போகும். முதல் 72 மணி நேரத்துல நல்லா போனா தானா எல்லாருக்கும் காட்டுன்னு ஒரு ஆப்ஷனும் இருக்கு. இதுல அது ஆன்ல இருந்தாலும் தேறியிருக்காது. சந்தேகத்துக்கு செட்டிங்ஸ்ல "Account Status"ஐயும் பாருங்க, புது ஆளுக்குப் பரிந்துரைக்கத் தடை இருந்தா அங்க சொல்லும்.

லதா_மதுரை:
டிரையலை நிறுத்தணுமா என்ன? பூனைக் கூட்டத்துக்குக் காட்டி அடி வாங்குறதுக்கு வெளியாட்கள்கிட்ட சோதிக்கிறதே மேல்.

ஈரோடு_எடிட்டர்:
தீபாவளி ஆர்டர் ஏற்கெனவே தைக்கக் கொடுத்தவங்ககிட்டதான் வரும் லதாக்கா, அவங்க ஃபாலோயர்ல இருப்பாங்க. ஆர்டர் வீடியோ எல்லாருக்கும், புதுவிதமா முயற்சி பண்றது டிரையல்ல. நான் அப்படித்தான் செய்வேன்.

லதா_மதுரை:
4,000ல பாதிக்கு மேல பூனைக்காரங்க. எனக்கு இன்னும் ஒப்பல.

நூல்கண்டு_செல்வி:
Trial ஆன்லதான் போட்டிருக்கான் பாவிப்பய, எவனோ சொன்னானாம். Account Statusல எல்லாம் பச்சை. எல்லாருக்கும் விட்டாச்சு, அக்காவுக்கு வந்துருச்சு. வியூஸ் 540. சுருக்கத்தை முதல்ல காட்டி ஒண்ணு எடுத்திருக்கேன், 22 செகண்ட். ராத்திரி போடுறேன். நன்றி.

கேமரா_கண்ணன்:
ராத்திரி எத்தனை மணிக்கு? ஏழரைக்குப் போடுங்க அக்கா, அப்பதான் ஏறும்.

பழைய_பாபு:
ஆரம்பிச்சுட்டார்.