உருளுற சக்கரத்துல வச்ச புள்ளி, கிராப் தலைகீழா வருது, யாராச்சும் பாருங்களேன்

சிப்புட்_தம்பி:
அண்ணே அக்கா யாராச்சும் முழிச்சிருக்கீங்களா, நாளைக்கு காலையில கிளாஸ்ல காட்டணும். குலை ஏத்துற தள்ளுவண்டி சக்கரத்தோட ஓரத்துல வெள்ளை பெயிண்ட் ஒரு பொட்டு வச்சு தோட்டத்து ரோட்டுல தள்ள சொல்லி சைடுல இருந்து வீடியோ எடுத்தேன், அந்த பொட்டு எவ்ளோ தள்ளி இருக்கு எவ்ளோ உயரத்துல இருக்குன்னு sin cos வச்சு ரெண்டு ஃபார்முலா போடணும். போட்டுட்டேன். ஆனா வீடியோல கூர் தரையில வருது, என் கிராப்ல கூர் மேல போய் நிக்குது. எங்க தப்பு?

லாடாங்77:
டிகிரி ரேடியன் பிரச்சனைதான் தம்பி, பாக்காமயே சொல்லுவேன். எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ரேடியனுக்கு மாத்து, சரியாயிடும்.

சுபா_கணக்கு:
தம்பி நீங்க போட்ட ஃபார்முலா எங்க? வண்டி எந்தப் பக்கம் போகுது, வீடியோ ஆரம்பிக்கும்போது பொட்டு எங்க இருந்துச்சு, சக்கரம் எவ்ளோ பெருசு? இது நாலும் இல்லாம யாராலயும் சொல்ல முடியாது.

பழைய_ஃபார்ம்சிக்ஸ்:
இந்த கோட்டுக்கு பேரு சைக்ளாய்டு. கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் புக்க தொறந்து பாக்கற பழக்கம் இப்ப யாருக்கும் இல்ல. x = r(θ − sin θ), y = r(1 − cos θ). அவ்ளோதான், ரெண்டு வரி. இதுக்கு ஒரு இழையா?

சிப்புட்_தம்பி:
ஃபார்ம்சிக்ஸ் அண்ணே அத போட்டேன், கூர் கீழ வந்துச்சு ஆனா வீடியோவோட பொருந்தல. அது தரையில இருந்து ஆரம்பிக்குது, என் பொட்டு ஆரம்பத்துல தரையில இல்லயே.
சுபா அக்கா, வண்டி வலது பக்கம் போகுது. பொட்டு முதல்ல சக்கரத்துக்கு முன்பக்கம், அச்சு உயரத்துல இருந்துச்சு. குறுக்களவு 40 செமீ, அதனால r = 20. A காலம்ல டிகிரி. நான் போட்டது இது:

```
=20*RADIANS(A2)+20*COS(RADIANS(A2))
=20+20*SIN(RADIANS(A2))
```

லாடாங்77:
பாத்தீங்களா RADIANS எல்லாம் இருக்கு, அதுலதான் எங்கயோ இடிக்குது.

சுபா_கணக்கு:
இல்ல லாடாங், அது சரியா இருக்கு. டிகிரி தப்புன்னா அடையாளமே வேற. முதல் வரியில RADIANS விட்டுப்போச்சுன்னா ஒரு சுத்துக்கு 125.7 செமீ வர வேண்டிய இடத்துல 7200 வரும், கிராப் ஒரே கோடா நீண்டு கிடக்கும், தலைகீழா திரும்பாது.

தம்பி உங்க ஷீட்ல 90 டிகிரி வரிய பாருங்க. உயரம் 40ன்னு இருக்கும். அதாவது முன்பக்கம் இருந்த பொட்டு மேல ஏறிடுச்சுன்னு ஷீட் சொல்லுது. இப்ப வீடியோவ ஓட்டுங்க, முன்பக்கம் இருந்த பொட்டு முதல்ல எங்க போகுது? கீழதானே. நாம ஸ்கூல்ல வட்டம் வரையும்போது கோணம் இடஞ்சுழியா கூடும், ஆனா வலது பக்கம் உருளுற சக்கரம் வலஞ்சுழியா சுத்தும். நீங்க வண்டிய முன்னால தள்ளிட்டு சக்கரத்த பின்னால சுத்த விட்டுட்டீங்க. ஒரே ஒரு குறி மாத்துனா போதும்:

```
=20-20*SIN(RADIANS(A2))
```

x வரிய தொடவே வேணாம், கோணத்துக்கு மைனஸ் போட்டாலும் cos மாறாது. இப்ப 90 டிகிரியில x = 31.4, y = 0 வரும், கூர் அங்கதான் தரைய தொடும்.

ஃபார்ம்சிக்ஸ் சொன்னதும் இதே கோடுதான், அது பொட்டு தரையில இருக்கும்போது எண்ண ஆரம்பிக்குது. கால் சுத்து ஆனதும் அச்சு 31.4 முன்னால போயிருக்கும், பொட்டு அதுக்கு 20 பின்னால இருக்கும், அதனால x = 11.4, உயரம் 20. அந்த "− sin θ" வர்றது பொட்டு அச்சுக்கு பின்தங்குறதால.

மோட்டார்_பட்டறை:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும். கூர்ல பொட்டு நின்னுடும்னு ஒருத்தர் சொல்லி கேட்டிருக்கேன், என்னால ஏத்துக்க முடியல. மோட்டார் சைக்கிள் 90ல போகுது, டயரோட அடிப்பக்கம் மட்டும் நிக்குமா? நின்னா டயர் எப்படி தேயும்?

பழைய_ஃபார்ம்சிக்ஸ்:
அந்த கணம் வேகம் பூஜ்யம். டெரிவேட்டிவ் எடுத்தா தெரியும். தெரியலன்னா வாதாடாதீங்க.

மோட்டார்_பட்டறை:
டெரிவேட்டிவ் நான் எடுக்கல, டயர் கழட்டி மாட்டுறேன். கண்ணால காட்டுங்க, ஒத்துக்கறேன்.

சுபா_கணக்கு:
அவர் கேக்கறது நியாயமான கேள்விதான். தம்பி சக்கரத்தையே எடுத்துக்குவோம். பொட்டு தரையில இருக்கும்போது சக்கரம் 10 டிகிரி திரும்புதுன்னு வைங்க. அச்சு 3.5 செமீ முன்னால போயிடும். அதே நேரத்துல பொட்டு முன்னால நகர்ந்தது 0.2 மில்லிமீட்டர்தான், மேல எழும்புனது 3 மில்லிமீட்டர். பொட்டு உச்சியில இருக்கும்போது அதே 10 டிகிரிக்கு கிட்டத்தட்ட 7 செமீ முன்னால போகும், அச்ச மாதிரி ரெண்டு மடங்கு. அதனாலதான் சைடுல இருந்து ஃபோட்டோ எடுத்தா மேல இருக்கற கம்பிகள் கலங்கியும் கீழ இருக்கறது தெளிவாவும் விழும். டயர் தேயறது பிரேக் போடும்போதும் வளைவுல திரும்பும்போதும் ரப்பர் கொஞ்சம் வழுக்குறதால. இந்த ஃபார்முலா வழுக்காத சக்கரத்துக்குத்தான்.

மோட்டார்_பட்டறை:
ஃபோட்டோ விஷயம் சரி, பாத்திருக்கேன். நேராவே ஓட்டுனாலும் டயர் தேயுதே, அதுக்கு இன்னும் பதில் வரல.

நீலா_எஸ்டேட்:
என் பையன் சைக்கிள்ல கம்பிக்கு நடுவுல ரிஃப்ளெக்டர் மாட்டியிருக்கு, ராத்திரி பாத்தா அது கூர் இல்லாம அலை அலையாத்தான் போகுது. அப்ப இந்த ஃபார்முலா அதுக்கு தப்பா?

சுபா_கணக்கு:
தப்பில்லக்கா, அது ஓரத்துல இல்ல, உள்ள இருக்கு. அச்சுல இருந்து d தூரம்னா x = rθ − d sin θ, y = r − d cos θ. உருளுற தூரத்துக்கு r அப்படியே இருக்கும், பின்னால வர்றது மட்டும் d ஆகும். d சின்னதானா கூர் மழுங்கி அலையாயிடும். ரயில் சக்கரத்துல தண்டவாளத்துக்கு கீழ இறங்கற விளிம்புக்கு d, r-ஐ விட பெருசு, அது கீழ வரும்போது கொஞ்சம் பின்னாலயே போகும்.

சிப்புட்_தம்பி:
அக்கா மைனஸ் போட்டேன், கூர் கீழ வந்துடுச்சு, ரொம்ப நன்றி. இன்னொன்னு. ரோட்டுல டேப் வச்சு அளந்தா ஒரு சுத்துக்கு 122தான் வருது, 125.7 வரல. ரெண்டாவது மூணாவது கூர் வீடியோவ விட்டு விலகிட்டே போகுது. வண்டியில குலை இருந்துச்சு.

லாடாங்77:
ரவுண்டிங் எரர்.

சுபா_கணக்கு:
ஒரு சுத்துக்கு 3.7 செமீ ரவுண்டிங் ஆகாது. பாரத்துல டயர் அமுங்கியிருக்கு. rθ-ல இருக்கற r-க்கு 122-ஐ 6.283ஆல வகுத்து 19.4 போட்டு பாருங்க, கூர் எல்லாம் இடத்துக்கு வந்துடும்.

பழைய_ஃபார்ம்சிக்ஸ்:
ஒரு இடத்துல 19.4, இன்னொரு இடத்துல 20ஆ? எல்லா இடத்துலயும் ஒரே r போடணும், இல்லன்னா அது சைக்ளாய்டே இல்ல.

மோட்டார்_பட்டறை:
இதுல எனக்கு அனுபவம் இருக்கு. காத்து டயர்ல பாரம் ஏத்துனா அச்சு உயரம் 19.4-ஐ விடவும் கம்மியா இருக்கும். மேல் பக்கம் அமுங்காது, அச்சுக்கு மேல 20 அப்படியே இருக்கும். அதனால மூணு அளவு வரும், ஒரே r-ல அடங்காது. தம்பி, அச்சுக்கு நடுவுல இருந்து தரைக்கு ஸ்கேல் வச்சு அளந்து போடு, காத்து எவ்ளோ அடிச்சிருந்ததுன்னும் சொல்லு.

சுபா_கணக்கு:
ஆமா, அச்சு உயரம் தெரிஞ்சா y வரியில முதல்ல வர்ற 20-க்கு பதிலா அத போடலாம். ஆனா தரைய தொடுற இடத்துல டயர் தட்டையா இருக்கறதால கூர் சரியா பொருந்துமான்னு எனக்கு சந்தேகம்தான். அளந்துட்டு சொல்லுங்க தம்பி.

நீலா_எஸ்டேட்:
தம்பி ஆஃப்லைன் போயிட்டாப்ல.