ஒரே போன்ற இரு கார்கள்: டயர் அளவும் பின் பிரேக்கும் பின்னாளில் வைக்கும் செலவு

அமைதிநதி: விலையிலும் இடவசதியிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இரண்டு கார்களில் ஒன்றை வாங்க இருக்கிறேன். முதலாவதில் 185/65 ஆர்15 டயரும் பின்னால் டிரம் பிரேக்கும் உள்ளன. இரண்டாவதில் 195/55 ஆர்16 டயரும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் உள்ளன. ஏழு ஆண்டுகளில் 70,000 கி.மீ. ஓட்டுவேன். எது அதிகம் செலவு வைக்கும்?

அச்சாணி: ஒரு டயரின் விலையைப் பார்ப்பதற்கு முன், எத்தனை முறை நான்கு டயர்களை வாங்க நேரும் என்று எண்ணிப் பாருங்கள். காரோடு வரும் டயர்கள் 40,000 கி.மீ. உழைத்தால், விற்கும் வரை ஒரே ஒரு முறைதான் மாற்றுவீர்கள், 30,000 கி.மீ.யிலேயே தேய்ந்தால் இரண்டு முறை. சிறிய டயரின் விலையை 100 என்றும் பெரியதை 135 என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முதல் நிலையில் வேறுபாடு 140, இரண்டாவதில் 280. 140 என்பது ஒன்றரைச் சிறிய டயரின் விலைகூட இல்லை. உண்மையான விலையைக் கடையில் கேட்கும்போது, அந்த அளவில் எத்தனை நிறுவனங்களின் டயர் இருப்பில் உள்ளது என்பதையும் கேளுங்கள். ஒன்றிரண்டு மட்டுமே என்றால் பேரம் பேச வழியிருக்காது.

நெடுஞ்சாலை: இவ்வளவு கணக்கு எதற்கு? இரண்டாவது காரை வாங்கி, டயர் தேய்ந்ததும் 15 அங்குல ரிம்முக்கு மாறிவிடலாம். வெளிவிட்டம் ஒன்றில் 621.5 மி.மீ., மற்றதில் 620.9 மி.மீ. வேகமானி காட்டுவதில்கூட மாற்றம் தெரியாது.

அச்சாணி: விட்டக் கணக்கு சரிதான், ஆனால் தடை வெளியே இல்லை, ரிம்முக்கு உள்ளே இருக்கிறது. பெரிய சக்கரத்தோடு வரும் காரில் பெரும்பாலும் முன் டிஸ்க்கும் பெரிதாக இருக்கும். சிறிய ரிம்மை மாட்டினால் அதன் உட்புறம், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபரில் உரசக்கூடும். மேலும், நான்கு ரிம்களை வாங்கும் செலவு, நீங்கள் மிச்சப்படுத்த நினைக்கும் அந்த 140-ஐ விழுங்கிவிடும்.

கார்மேகம்: நான்கு டிஸ்க் இருந்தால் கார் விரைவாக நிற்கும், உயிரைவிடச் செலவு பெரிதா? கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை வாங்குங்கள்.

அச்சாணி: கேட்டது செலவைப் பற்றி. ஆனாலும் சொல்கிறேன்: பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால் பெரும்பங்கு வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன. இந்த அளவுள்ள காரை ஒருமுறை அவசரமாக நிறுத்துவதில், பின்னால் டிரம்மா டிஸ்க்கா என்பதைவிட டயரின் பிடிப்பே அதிகம் தீர்மானிக்கிறது.

பழையசாவி: பின் டிஸ்க்கால் எனக்கு ஏற்பட்ட செலவைச் சொல்கிறேன். என் கார் வாரத்தில் ஐந்து நாள் நின்றே கிடக்கும். காலிபர் சறுக்கி நகர வேண்டிய கம்பி துருவால் இறுகி, உள்பக்கத்துப் பேட் இரும்பு வரை தேய்ந்து, டிஸ்க் தட்டையும் அறுத்துவிட்டது. ரிம்மின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தபோதெல்லாம் வெளிப்பக்கத்துப் பேட் புதிது போலவே தெரிந்ததால் நானும் ஏமாந்தேன், பணிமனைக்காரரும் ஏமாந்தார். சக்கரத்தைக் கழற்றாமல் "பேட் நன்றாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நெடுஞ்சாலை: அப்படியானால் டிரம்மே மேல் என்கிறீர்களா?

பழையசாவி: என்னைப் போலக் குறைவாக ஓட்டுபவருக்கு, ஆம். மூடிய டிரம்முக்குள் இருக்கும் ஷூ எளிதில் தேய்வதில்லை.

அச்சாணி: தேய்வதில்லை என்பதாலேயே அதை ஆண்டுக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சிலிண்டர் கசிந்து பிரேக் திரவம் ஷூவில் ஊறிவிட்டால், தேயாத ஷூவையும் இரு பக்கமும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டும். ஆகவே டிரம் செலவே வைக்காது என்று நான் சொல்லமாட்டேன். அடிக்கடி வைக்காது, அவ்வளவுதான். அமைதிநதி, அந்த இரண்டாவது காரில் கைபிரேக் நெம்புகோலா, பொத்தானா? பொத்தான் என்றால் பல கார்களில் பின் பேட்டை மாற்றுவதற்குக் கணினிக் கருவியால் கைபிரேக் மோட்டாரைப் பின்னிழுக்க வேண்டியிருக்கும். சாலையோர மெக்கானிக்கிடம் அந்தக் கருவி இல்லாவிட்டால் கூலி கூடும்.

அமைதிநதி: பொத்தான்தான். இன்னொன்றும் கவனித்தேன்: இரண்டாவது காரின் மாற்றுச் சக்கரம் 185/65 ஆர்15, இரும்பு ரிம். எந்தச் சக்கரத்துக்கும் மாட்டலாம் என்று கையேட்டில் உள்ளது.

நெடுஞ்சாலை: பார்த்தீர்களா! 15 அங்குலம் காலிபரில் உரசாது என்பது நிரூபணமாகிவிட்டது.

அச்சாணி: அந்த இரும்பு ரிம் உரசாது என்பது மட்டும் உறுதி, இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதே 15 அங்குல அலாய் ரிம்மின் உள்வளைவு வேறாக இருக்கலாம். அந்த மாற்றுச் சக்கரத்தின் மேல் 80 கி.மீ. வேக வரம்பு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால், அதை நிரந்தரமாக ஓட்டத் தயாரிப்பாளர் கருதவில்லை என்று பொருள்.