குழுவில் பேசியதிலிருந்து முடிவை எப்படிப் பிரித்தெடுப்பது?

வணக்கம். எங்கள் 12 வீடுகளுக்கும் பொதுவான போர்வெல் மோட்டார் பழுதானது பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த 31 குரல்பதிவுகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகளையும் கேட்டும் படித்தும், யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று வீட்டு எண் வாரியாக எழுதி வருகிறேன். 48,000 ரூபாய்க்குப் புது மோட்டார் வாங்கி, வீட்டுக்கு 4,000 ரூபாய் பகிர்வதற்கு 7 வீட்டார் தெளிவாக இசைந்துள்ளனர். ஆனால் 3 பேர் எழுதிய வெறும் "சரி", அதற்குச் சற்று முன் வந்த பழைய மோட்டாருக்கே காயில் கட்டும் யோசனைக்கா, புது மோட்டாருக்கா என்று விளங்கவில்லை. முதல் மாடி அம்மா காலையில் சம்மதித்துவிட்டு, இரவு அனுப்பிய 4 நிமிடக் குரல்பதிவின் கடைசியில் "வாடகைக்கு இருப்பவர் ஏன் தர வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். ஒரு வீட்டார் பேசவே இல்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த ஐந்தையும் "முடிவாகாதவை" என்று தனியே குறித்து, தொகையைச் சொல்லி மறுபடி வாக்கெடுப்பு வைப்பது முறைதானா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.