புதுப்பிப்பு: சத்தமில்லாத பிரதி

முன்பு நான் கேட்டது: “டெங்குக் காணொளியைச் சத்தத்தோடும் சத்தமில்லாமலும் விளங்கும்படி எப்படி எழுதுவது?”

குரலை அப்படியே எழுத்தாக்கினால் போதும் என்று ஒருவர் சொன்னபடி செய்து, கல்லடியில் பெரியம்மாவுக்குச் சத்தத்தை நிறுத்திக் காட்டினேன். 3 விநாடிக்குள் 14 சொற்கள் ஓடி மறைந்ததால், “பூக்கண்டு விளம்பரமா மகன்?” என்றார்.

காணொளித் தொகுப்பாளர் அண்ணன் சொன்னதுதான் சரி: “இதை ஊற்றிவிடுங்கள்” என்று குரல் சொல்லும்போது, ‘இது’ எதுவென்று படம் காட்ட வேண்டும். ஆகவே சத்தமில்லாத பிரதியில் நீர் தேங்கிய பூச்சட்டித் தட்டைக் கவிழ்க்கும் கையை முதலில் வைத்து, “வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்” என்ற வரியை மட்டும் 3 விநாடி நிறுத்தினேன். முட்டை நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் எடுக்கும் என்ற காரணத்தைக் குரலுக்கு விட்டேன். அதையும் எழுத்தில் காட்டவேண்டுமா என்பதில் அண்ணனும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.