"கொன்ஃபிளிக்ட் கொப்பி"க்கு ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

சுகந்தி, கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கான கிட் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன்.

நடந்தது இதுதான். ஒரு மாணவன் தன் களஞ்சியத்தை ஒத்திசையும் முகில் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்தான். வெள்ளி மாலை ஆய்வுகூடக் கணினியில் கொமிட் செய்தான். கோப்புகள் மேலே ஏறுமுன் கரண்ட் போய்விட்டது. சனிக்கிழமை மாங்குளத்தில் வீட்டு லப்டொப்பில் இன்னொரு கொமிட் செய்தான், அது ஏறிவிட்டது. திங்கள் ஆய்வுகூடக் கணினியைப் போட்டால் இப்படி:

```
$ git branch
* main
  main-LAB2
```

"ரீச்சர், இந்தக் கிளையை நான் உருவாக்கவில்லை" என்றான். `.git` கோப்புறையைத் திறந்தால் `index-LAB2` என்று இன்னொன்றும் இருக்கிறது. ஒத்திசைவுச் சேவை இரண்டில் எது சரி என்று தெரியாமல் பெயர் மாற்றி வைத்துவிட்ட பிரதிகள் இவை. இதற்குத் தமிழில் என்ன? "மோதல் பிரதி" என்று எழுதி அழித்துவிட்டேன். எங்கள் ஊரில் வீட்டுப் பெரியவர்கள் காதில் அந்தச் சொல் வேறு விதமாய் விழும்.

கஜன், முல்லைத்தீவு

ரீச்சர், "முரண்படி" போடுங்கள், முடிந்தது. ஆனால் சொல்லைவிட வழியைச் சொல்லிக்கொடுங்கள். ஒத்திசைவில் `.git` கோப்புறையை விலக்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நவம் மாஸ்டர், புதுக்குடியிருப்பு

"முரண்படி" என்றால் பிள்ளை "முரணாகப் படி" என்று வாசிக்கும். படி என்பது ஏணிக்கும் உண்டு, நெல் அளக்கவும் உண்டு, ஏவலும் அதுவே.

இது நமக்குப் புதிய சிக்கல் அல்ல. ஒரே நூலுக்கு இரண்டு ஏடுகள், இரண்டிலும் ஒரு வரி வேறு. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய நம் சி. வை. தாமோதரம்பிள்ளை காலத்திலிருந்தே பதிப்பாசிரியர்கள் இதனோடுதான் மல்லுக்கட்டினார்கள். அதைப் பாடபேதம் என்றார்கள். பேதம் வடசொல் என்பதால் நான் முன்மொழிவது "திரிபடி". வினைத்தொகை: திரிந்த, திரிகின்ற, திரியும் படி. நன்னூலார் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்கினார். திரிதல் வேறு, கெடுதல் வேறு. உங்கள் கோப்பு கெடவில்லை, திரிந்திருக்கிறது.

பிரபா, மல்லாவி

எங்கள் மாதர் சங்கக் கணக்குக்கும் இதே கூத்துத்தான்! பொருளாளரும் நானும் ஒரே நேரத்தில் எக்செல் திறந்தோம், இப்போது மார்ச் கணக்கு இரண்டு கிடக்கிறது. நாங்கள் அதைக் கள்ளப்பிரதி என்கிறோம். எதை வங்கிக்குக் கொடுப்பது?

அருள், வவுனியா

பிரபா அக்கா, உங்களுடையது வேறு கதை, பிறகு வருகிறேன். ஆனால் "கள்ளப்பிரதி" வேண்டவே வேண்டாம். கள்ளன் என்றால் பிடித்து அழிக்கத்தான் தோன்றும். இங்கே அழித்தால் வெள்ளிக்கிழமை வேலை போகும்.

கிட்டில் ஒரு கிளை என்பது ஒரு சின்னக் கோப்புத்தான். வழக்கமாக 40 எழுத்தும் ஒரு வரிமுறிவும், மொத்தம் 41 பைட். எந்தக் கொமிட்டில் கிளை நிற்கிறது என்பது மட்டுமே அதில் உண்டு. இரண்டு கணினியும் அந்த ஒரே கோப்பை வேறு வேறாக மாற்றின. `index`உம் அப்படியே. `HEAD` தப்பியது, ஏனென்றால் இரண்டிலும் அது `main` என்றே இருந்தது. `objects` கோப்புறையிலும் இப்படி ஒன்று பெரும்பாலும் வராது. அங்கே கோப்பின் பெயரே உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வருவது, உள்ளடக்கம் வேறென்றால் பெயரும் வேறு.

இந்தச் சேவை ஒரு கோடு போட்டுக் கணினியின் பெயரை ஒட்டுகிறது. `main-LAB2` கிட்டுக்குச் செல்லுபடியான கிளைப்பெயர், அதனால்தான் கிளையாகவே தோன்றியது. இடைவெளி விட்டு அடைப்புக்குறி போடும் சேவைகளும் உண்டு. அங்கே கிட் `ignoring ref with broken name` என்று முணுமுணுத்துவிட்டு அதைக் கண்டுகொள்ளாது. அப்போது அந்தக் கோப்பைத் திறந்து 40 எழுத்தையும் எடுத்துக் கையாலேயே கிளை போட வேண்டும்.

சுகந்தி, முதலில் ஒத்திசைவை நிறுத்தி, கோப்புறை முழுவதையும் வெளியே நகலெடுங்கள். அந்த நகலில்:

```
git fsck --full
git log --oneline main..main-LAB2
git merge main-LAB2
```

முதல் கட்டளை `missing` என்றோ `invalid sha1 pointer` என்றோ சொன்னால் அங்கேயே நில்லுங்கள். 41 பைட் கோப்பு வந்து, அது சுட்டுகிற பொருள்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். டொங்கிளில் ஏற்றினால் இது சாதாரணம். மற்றக் கணினியில் அவை இருக்கும்.

கஜன் தம்பி சொன்னது பாதி சரி. விலக்கினால் பிணக்கு வராது, வரலாறும் மற்றக் கணினிக்குப் போகாது. வேலைக் கோப்புகள் மட்டும் போய், அங்கே எல்லாம் "மாற்றப்பட்டது" என்று நிற்கும். கோப்புறையூடாகத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால் `git bundle create lab2.bundle --all` என்று ஒற்றைக் கோப்பாக்கி அதை மட்டும் போடுங்கள். அந்தக் கோப்புக்குக் கணினிக்குக் கணினி வேறு பெயர் வைத்தால் ஒன்றையொன்று மிதிக்காது.

கஜன்

ஓம் அண்ணை, எனக்கு ஒரே லப்டொப். அதனால்தான் தெரியவில்லை.

சரி, அப்ப "பிணக்குப்படி"? காணிப் பிணக்கு என்று எல்லோருக்கும் தெரிந்த சொல்.

சுகந்தி

கிளைகளை இணைக்கும்போது வருவதற்குக் கையேட்டில் ஏற்கெனவே "பிணக்கு" என்றுதான் எழுதியிருக்கிறேன். அங்கே கிட் தானே நிறுத்தி, இந்த வரியா அந்த வரியா என்று கேட்கும். இங்கே யாரும் கேட்கவில்லை, கிட்டுக்குத் தெரியாமல் வெளியிலிருந்து நடந்தது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பிள்ளை கோப்புக்குள் `<<<<<<<` தேடிக்கொண்டிருக்கும்.

மாஸ்டர், திரிபடி அழகுதான். ஆனால் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "திரிந்த பால்" என்றார்கள். திரிந்த பாலை ஊற்றிவிடுவோம். `main-LAB2` முழுமையான, நல்ல கோப்பு. இன்னொருத்தி ஏற்கெனவே `git branch -D` அடித்துவிட்டாள். நல்லவேளை திரையில் `was 3f9c2a1` என்று இருந்தது, அதை வைத்து `git branch meetpu 3f9c2a1` போட்டு எடுத்தோம். "வேற்றுப்படி" எப்படி?

நவம் மாஸ்டர்

வேறு + படி, ஒற்று இரட்டித்து வேற்றுப்படி. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வேற்று நாடு, வேற்று மொழி, வேற்றாள். அந்நியம் என்ற பொருள் தொங்குகிறதே. அந்நியனையும் துரத்தத்தானே தோன்றும்? "மறுபடி" என்று கூட யோசித்தேன், மறுபடியும் மறுபடியும் என்று குழப்பம்.

அருள்

மாஸ்டர், நாளை வியாழன். நான் வேற்றுப்படிக்கு.

கஜன்

நானும். ஆனால் வாயில் கொன்ஃபிளிக்ட் கொப்பி என்றுதான் வரும்.

பிரபா

எனக்கு எதுவும் சரி. மார்ச் கணக்கு?

அருள்

அக்கா, எக்செல்லில் இணைக்கிற வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, பொருளாளரையும் கூப்பிட்டு, பற்றுச்சீட்டு இலக்கப்படி வரிவரியாகப் பாருங்கள். முடியும்வரை எதையும் அழிக்க வேண்டாம்.

சுகந்தி

"வேற்றுப்படி" என்று போய்விட்டது. பக்கத்தில் "அழிக்க வேண்டாம், உள்ளே பார்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

நவம் மாஸ்டர்

அச்சானது சரி. நான் இன்னும் திரிபடிக்காரன்தான். அடுத்த பதிப்பில் "திரிபடி எனவும் பாடம்" என்று அடிக்குறிப்பில் ஒரு வரி போடுங்கள், பிள்ளை.