பல் எடுத்த குழியில் எலும்புத் தூள்: சுருங்குமா, சுருங்காதா?

தேன்மொழி: மேல் முன்பல்லின் வேர் உடைந்துவிட்டது. பல் எடுக்கும் அன்றே குழியில் எலும்புத் தூள் வைத்து மூடி, 5 மாதம் கழித்து இம்பிளான்ட் என்கிறார் டாக்டர். தூள் வைத்தால் எலும்பு சுருங்காதாம். நம்பலாமா?

கதிரவன்: தாராளமாக நம்பலாம். குழி நிறைந்துவிட்டால் சுருங்க இடமேது? பத்து வருடமாக வைக்கிறேன். சுருங்கியதே இல்லை.

மருதன்: "சுருங்கியதே இல்லை" என்று எழுதுமுன் அளந்தீர்களா டாக்டர்? நோயாளியிடம் இப்படிச் சொல்வதைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. குழியின் உட்புறத்தில் வேரின் நார்கள் பதிந்திருக்கும் மெல்லிய எலும்பு இருக்கிறதே, அது பல்லை நம்பி வாழ்வது. பல் போனால் அதுவும் போகும். மேல் முன்பற்களில் உதட்டுப் பக்கச் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய முழுவதும் அந்த எலும்புதான். எந்தத் தூளாலும் அதைக் காப்பாற்ற முடியாது. மெதுவாகக் கரையும் தூள் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்நோக்கிச் சரிவது குறைகிறது, அவ்வளவுதான்.

என் கேஸ் ஒன்று சொல்கிறேன். இதே மேல் முன்பல், சுவர் 0.6 மில்லிமீட்டர். பல் எடுத்த அன்று மாட்டு எலும்புத் தூள் வைத்து, மேலே கொலாஜன் சவ்வு போட்டேன். எலும்பின் அகலம் அன்று 8 மில்லிமீட்டர். 5 மாதம் கழித்து ஸ்கேனில் 6.8. தூள் இருந்தும் 1.2 போயிருக்கிறது.

கதிரவன்: 1.2 எல்லாம் ஸ்கேனில் கோடு போடும் இடம் மாறினாலே வரும்.

மருதன்: இரண்டு முறையும் பக்கத்துப் பல்லின் எனாமல் முடியும் இடத்திலிருந்து வேர்ப்பக்கமாக 4 மில்லிமீட்டர் தள்ளி, ஒரே இடத்தில்தான் அளந்தேன். கோடு மாறவில்லை.

சுந்தரி: எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்தார்கள். தூளும் இல்லை, சவ்வும் இல்லை. நான்கு மாதத்தில் இம்பிளான்ட் போட்டு இன்றுவரை நன்றாக இருக்கிறது. இதெல்லாம் காசு பிடுங்கும் வேலை.

மருதன்: அம்மா, அங்கே சுவர் தடிமனாக இருக்கும், அகலமும் தாராளம். கொஞ்சம் சுருங்கினாலும் இம்பிளான்டுக்கு இடம் மிஞ்சும். கேள்வி முன்பல்லைப் பற்றியது.

சுந்தரி: எலும்பு எலும்புதானே? எனக்கு நடந்ததைத்தான் சொன்னேன்.

கதிரவன்: மருதன் சார், 6.8 இருந்தால் போதாதா? அப்புறம் எதற்கு இந்தப் புலம்பல்?

மருதன்: கணக்குப் போடுங்கள். 4 மில்லிமீட்டர் இம்பிளான்ட், அதைச் சுற்றி எலும்பு வெளிப்பக்கம் 2, உள்பக்கம் 1. மொத்தம் 7 வேண்டும். 6.8-இல் அது நிற்காது. அதனால்தான் 3.5 போட்டேன். தூள் வைக்காமல் விட்டிருந்தால் அந்த மெல்லிய சுவருக்கு எலும்பின் அகலத்தில் 3, 4 மில்லிமீட்டர்கூடப் போயிருக்கும், பிறகு தனியாக எலும்பு சேர்க்கும் அறுவை செய்ய வேண்டியிருக்கும். ஆகவே தூள் வைப்பது நல்லதுதான். "சுருங்காது" என்ற சொல்தான் தவறு.

கதிரவன்: நல்லது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைத்தான் நானும் முதலில் சொன்னேன்.

மருதன்: இல்லை. நீங்கள் சொன்னது "சுருங்கியதே இல்லை". மேலே அப்படியே இருக்கிறது.

தேன்மொழி: மாட்டு எலும்பா? என்னிடம் யாருமே சொல்லவில்லையே!

கதிரவன்: பாருங்கள், தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டீர்கள். புரதமெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்த தாதுதான் அது.

மருதன்: எந்தத் தூள் என்று கேட்பது அவர் உரிமை. வேண்டாமென்றால் செயற்கைத் தூளும் இருக்கிறது. போன மாதம் ஈறு விவாதத்திலும் இப்படித்தான் மழுப்பினீர்கள்.

கதிரவன்: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அங்கே பதில் சொல்லாமல் போனது நீங்கள். என் கேஸ்களில் எக்ஸ்ரே எடுத்தால் குழி முழுக்க வெள்ளையாக இருக்கிறது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மருதன்: அந்தத் தூள் வைத்த அன்றே வெள்ளையாகத்தான் தெரியும்! எலும்பு வளர்ந்ததா என்று எக்ஸ்ரே சொல்லாது, துளையிடும் கைதான் சொல்லும். பழைய சீழ்த்திசுவைச் சுரண்டி எடுக்காமல் தூள் வைத்த ஒரு குழியைத் திறந்தேன். படம் அழகாக இருந்தது. உள்ளே ஈரமணல் மாதிரி துகள்கள் சதையில் மிதந்தன. எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். தேன்மொழி, உங்கள் டாக்டரிடம் வெளிச்சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்றும், குழியை எப்படிச் சுத்தம் செய்வார் என்றும் கேளுங்கள்.

தேன்மொழி: கேட்கிறேன். ஆனால் சுருங்குமா சுருங்காதா என்று ஒரே வார்த்தையில் யாராவது சொல்லுங்களேன்.

மருதன்: சுருங்கும். குறைவாக.

கதிரவன்: கண்ணுக்குத் தெரியாத 1.2-க்குப் பெயர் சுருக்கமா?

மருதன்: முன்பல்லில் 1.2 போனால் ஈறு உள்வாங்கி நிழல் விழும். சிரித்தால் தெரியும்.

கதிரவன்: உங்கள் கேஸில் விழுந்ததா?

மருதன்: வெளிப்பக்கம் கொஞ்சம் தூள் சேர்த்தேன், விழவில்லை.

கதிரவன்: அப்புறம் என்ன!